மூச்சு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்

என் மாமா, அதாவது கணவரின் அப்பா, ஒரு ஜனவரி இரவு எங்கள் வீட்டு முன்னறையில் விழுந்தார். அன்று அவசர உதவி எண்ணான 999-க்கு நான் பேசிய பேச்சின் ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. அழைத்தவர் எழுதிக் கேட்டால், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இங்கிலாந்தில் அதைப் பெறலாம். மாமா வீடு திரும்பிச் சில மாதங்கள் ஆன பிறகுதான் கேட்டு வாங்கினேன். எனக்கு அந்த இரவு சரியாக நினைவில்லை. நான் என்ன சொன்னேன், அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பு மட்டும் போகவில்லை.

ஒலிப்பதிவில் மாமாவின் மூச்சைப் பற்றிய முதல் கேள்வி இருபதாவது வினாடியில் வருகிறது. அவருடைய நெஞ்சை நான் முதன்முதலாக அழுத்துவது இரண்டு நிமிடம் முப்பதாவது வினாடியில். இடையில் போன நேரத்தில் பாதிக்கு மேல் என் ஒரு வார்த்தையால் போனது. அந்த வார்த்தையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அன்று கணவர் இரவு வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் நான், பத்து வயது மகள், மாமா, மாமி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடையில் வேலை செய்கிறேன். விலை சொல்லவும் மீதிக் காசு கொடுக்கவும் பாடசாலை ஆசிரியருடன் பேசவும் என் ஆங்கிலம் போதும். விடியற்காலை இரண்டு மணிக்கு மாமி கத்தினார்: “பிள்ளை, ஓடி வா. இவருக்குச் சேடம் இழுக்கிறது.”

சேடம் இழுத்தல் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உயிர் போகிற நேரத்தில் தொண்டையில் கரகரவென்று, விட்டு விட்டு வருகிற அந்த மூச்சு. தமிழ்நாட்டில் ‘மேல்மூச்சு வாங்குகிறது’ என்பார்கள், ‘இழுத்துக்கொண்டிருக்கிறது’ என்பார்கள். மாமி பார்த்த உடனேயே சரியான சொல்லைச் சொல்லிவிட்டார். அதை ஆங்கிலத்துக்கு மாற்றியபோது நான்தான் கெடுத்தேன்.

999-ஐ அழைத்தால் முதலில் பேசுபவர் ஆம்புலன்ஸ்காரர் அல்லர், தொலைபேசி இணைப்பாளர். “எமர்ஜென்சி, விச் சர்வீஸ்? ஃபயர், போலீஸ் ஆர் ஆம்புலன்ஸ்?” என்று கேட்பார். அவருக்கு நோயைப் பற்றி எதுவும் தேவையில்லை. “ஆம்புலன்ஸ்” என்ற ஒரு சொல் போதும். நான் “ஹாஸ்பிடல், ஹாஸ்பிடல், மை ஃபாதர்-இன்-லா” என்று தொடங்கினேன். அவர் திரும்பக் கேட்டார். அதில் சில வினாடிகள்.

அடுத்து ஆம்புலன்ஸ் சேவையின் அழைப்பு மையம். அங்கே இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, “இஸ் தி பேஷன்ட் பிரீதிங்?” ஒலிப்பதிவில் என் பதில் இப்படி இருக்கிறது: “எஸ், எஸ், பிரீதிங். பிக் பிக் பிரீதிங்.”

மாமாவின் வாய் மீன் திறப்பது போலத் திறந்து, பெரிய சத்தத்துடன் காற்றை இழுத்தது. அது மூச்சு என்றுதான் என் தமிழ் மனம் சொன்னது. சேடம் இழுத்தலும் மூச்சு, மேல்மூச்சு என்ற சொல்லிலேயே மூச்சு இருக்கிறது. மூச்சு என்றால் பிரீதிங். மொழிபெயர்ப்பு சரி, பதில் தவறு.

இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் வரை மூளையின் அடித்தண்டு இப்படி ஒரு திணறலை எழுப்பிக்கொண்டிருக்கும். அதில் உடலுக்குப் பயன்படும் அளவுக்குக் காற்று போவதில்லை, இரத்தம் ஓடுவதும் இல்லை. மருத்துவர்கள் அதை மூச்சாகவே கணக்கிடுவதில்லை. குறட்டை போல, முனகல் போல, தண்ணீர் கொப்பளிப்பது போல எல்லாம் கேட்கலாம். இதயம் நின்ற முதல் நிமிடங்களில் இது அடிக்கடி நடப்பது. மொழி நன்றாகத் தெரிந்தவர்களே இதைப் பார்த்து “மூச்சு இருக்கிறது” என்று சொல்லிவிடுகிறார்கள். நமக்கு அந்த மயக்கத்தின் மேல் மொழியின் மயக்கமும் சேர்கிறது.

அடுத்த கேள்வி, “இஸ் ஹீ அவேக்?” விழிப்பாக இருக்கிறாரா என்பது அதன் பொருள். நான் ‘மயக்கம்’ என்று சொல்ல நினைத்தேன். கடையில் ஒரு வாடிக்கையாளர் தலைசுற்றி உட்கார்ந்தபோது கேட்ட சொல் நினைவுக்கு வந்தது. “ஹீ இஸ் ஃபெயின்ட்” என்றேன். “ஹீ ஃபீல்ஸ் ஃபெயின்ட்?” என்று அவர் கேட்டார். “எஸ்” என்றேன். இப்போது அவருடைய திரையில், தலைசுற்றுவதாக உணரும், பெரிதாக மூச்சு வாங்கும் ஒரு முதியவர்.

தமிழில் மயக்கம் என்ற ஒரே சொல் மூன்று நிலைகளைச் சுமக்கிறது. ‘மயக்கமாக வருகிறது’ என்றால் தலைசுற்றல், ஆள் பேசிக்கொண்டிருக்கிறார். அது ஆங்கிலத்தில் ‘டிஸ்ஸி’. ‘மயங்கி விழுந்து எழுந்தார்’ என்றால் நினைவு போய்த் திரும்பிவிட்டது. ‘ஹீ ஃபெயின்டட், நௌ ஹீ இஸ் அவேக்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘மயக்கத்தில் கிடக்கிறார்’ என்றால் கூப்பிட்டாலும் உலுக்கினாலும் அசைவில்லை. அதற்கு ‘அன்கான்ஷியஸ்’ என்ற சொல் உண்டு. ஆனால் பதற்றத்தில் அது நாக்கில் வராது. எனக்கு இப்போதும் தடுமாறுகிறது. அதைவிட எளிய இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன:

“ஹீ இஸ் நாட் அவேக். ஐ ஷேக் ஹிம், ஹீ டஸ் நாட் வேக் அப்.”

விழிப்பாக இல்லை, உலுக்கினேன், எழவில்லை. இதில் இலக்கணம் சரியா என்று அந்தப் பெண் பார்க்கப்போவதில்லை. ‘உலுக்கினேன், எழவில்லை’ என்பது கண்ணால் கண்டது. அதை யாரும் தலைசுற்றல் என்று தவறாக எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு அவர் முகவரி கேட்டார், சொன்னேன். அதன்பின், “இஸின்ட் ஹீ டாக்கிங் டு யூ?” என்று கேட்டார். “எஸ்” என்றேன். இந்த இடத்தைக் கேட்கும்போதெல்லாம் என் கை நடுங்குகிறது. ‘பேசவில்லையா?’ என்று தமிழில் கேட்டால் ‘ஆம், பேசவில்லை’ என்பது இயல்பான பதில். அதை நினைத்துத்தான் எஸ் என்றேன். ஆங்கிலத்தில் அதே எஸ், ‘பேசுகிறார்’ என்று பொருள் தரும். அங்கே பேசவில்லை என்பதற்கு ‘நோ’ என்றே சொல்ல வேண்டும். இந்தத் திருகலை நெருக்கடி நேரத்தில் யோசித்துச் சரிசெய்ய முடியாது. ஆகவே நான் பிடித்துக்கொண்ட வழி, எஸ்ஸோ நோவோ தனியாகச் சொல்லாமல் வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்வது. “ஹீ இஸ் நாட் டாக்கிங்.” “ஹீ இஸ் நாட் பிரீதிங் நார்மலி.” எஸ் தவறாகிப் போனாலும் பின்னால் வரும் வாக்கியம் அதைத் திருத்திவிடும்.

மாமாவைக் காப்பாற்றியது அந்தப் பெண்ணின் காது. என் பேச்சுக்குப் பின்னால் கேட்ட சத்தம் அவருக்குச் சரியாகப் படவில்லை. ஒரு நிமிடம் இருபத்தைந்தாவது வினாடியில் என்னை நிறுத்தினார். மாமா மூச்சை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் ‘நௌ’ என்று சொல்லுங்கள், இப்போதே தொடங்குங்கள் என்றார். “எவ்ரி டைம் ஹீ டேக்ஸ் எ பிரெத், சே நௌ.” நான் “நௌ” என்றேன். பிறகு ஒலிப்பதிவில் மாமியின் அழுகை மட்டும் கேட்கிறது. நீண்ட நேரம். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது வினாடி. மறுபடி “நௌ”. அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் குரல் மாறிவிட்டது. கேள்விகள் நின்றன, கட்டளைகள் தொடங்கின.

இந்தச் சோதனைக்கு மொழியே வேண்டாம். அதனால்தான் இதை எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். வளர்ந்த ஒருவர் அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுவார். பத்து வினாடி அவருடைய நெஞ்சைப் பார்த்தால் ஒரே சீராக இரண்டு அல்லது மூன்று முறையாவது ஏறி இறங்க வேண்டும். எழுப்பினால் எழாத ஒருவருக்கு இடைவெளி நீண்டு, ஒழுங்கில்லாமல், வாய் மட்டும் திறந்து திறந்து மூடினால் அது மூச்சில்லை. பத்து வினாடிக்கு மேல் பார்த்துக்கொண்டும் இருக்கக்கூடாது. அப்போது சொல்ல வேண்டியது:

“ஹீ இஸ் நாட் அவேக். நாட் பிரீதிங் நார்மலி. ஒன்லி கேஸ்பிங்.”

‘கேஸ்பிங்’ என்பதுதான் சேடம் இழுத்தலுக்கு அவர்கள் காதில் மணியடிக்கும் சொல். அது நினைவுக்கு வராவிட்டால் ‘நார்மல்’ என்ற சொல்லை மட்டுமாவது விடாதீர்கள். ‘பிரீதிங்’ என்று மட்டும் சொல்வதற்கும் ‘நாட் நார்மல் பிரீதிங்’ என்பதற்கும் உள்ள தூரம் பெரியது. இங்கிலாந்தில் அழைப்புகளை வகை பிரிக்கிறார்கள். இதயம் நின்றவர்கள், மூச்சு நின்றவர்கள் முதல் வகை. அந்த வகைக்கு ஆம்புலன்ஸ் சராசரியாக 7 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. நெஞ்சுவலி, பாரிசவாதம் போன்றவை பெரும்பாலும் இரண்டாம் வகை, அதற்குச் சராசரி 18 நிமிடம். நல்லவேளையாக வகையை இடையில் மாற்ற முடியும். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் வண்டியை அனுப்பும் வேலையைப் பார்க்கிறார். கேள்விகளுக்குப் பதில் சொல்வதால் வண்டி தாமதமாவதில்லை. எங்கள் உறவினர்களில் எத்தனையோ பேர் “இத்தனை கேள்வி எதற்கு, முதலில் வண்டியை அனுப்புங்கள்” என்று கோபப்பட்டு இணைப்பைத் துண்டித்திருக்கிறார்கள். துண்டித்தால் வகையை உயர்த்தவும் வழியில்லை, நெஞ்சை அழுத்தச் சொல்லித் தரவும் ஆளில்லை.

சொல்லித் தருவதைப் புரிந்துகொள்வது இன்னொரு பாடு. நிலத்தில் மல்லாத்திப் படுக்க வையுங்கள், தலையணையை எடுத்துவிடுங்கள் என்பது புரிந்தது. பிறகு அவர், “புட் தி ஹீல் ஆஃப் யுவர் ஹேண்ட்” என்று தொடங்கினார். எனக்கு ஹீல் என்றால் குதிகால். ஒலிப்பதிவில் நான் “ஹிஸ் ஹீல்?” என்று கேட்பது பதிவாகியிருக்கிறது. மாமாவின் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தப் பெண் எரிச்சலே இல்லாமல், “யுவர் ஹேண்ட், ஹிஸ் செஸ்ட், மிடில்” என்று மூன்று துண்டாகச் சொன்னார். உள்ளங்கையில் மணிக்கட்டை ஒட்டியிருக்கும் தடித்த பகுதிதான் அந்த ஹீல். அதை நெஞ்சின் நடுவில் உள்ள எலும்பின் மேல் வைத்து, மற்றக் கையை அதன் மேல் வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போக வேண்டும், ஆறுக்கு மேல் வேண்டாம். ஒரு வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு அழுத்தம், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். ‘புஷ்’, ‘பம்ப்’ என்று எது சொன்னாலும் அழுத்து என்றே பொருள். அவர் “ஒன், டூ, த்ரீ, ஃபோர்” என்று எண்ணுவார். நாமும் உரக்க எண்ண வேண்டும். வேகம் சரியா என்று அவர் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அறிகிறார். தமிழில் எண்ணினாலும் வேகம் அவருக்குக் கேட்கும்.

புரியாதபோது ‘எஸ்’ என்று சொல்லிவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. மரியாதைக்காக, வெட்கத்துக்காக. அன்று குதிகாலை நான் கேட்காமல் எஸ் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. “ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட். ஷார்ட் வேர்ட்ஸ், பிளீஸ்” என்று சொன்னால் அவர்கள் உடனே வாக்கியத்தைச் சுருக்குகிறார்கள்.

மகள் அறை வாசலில் நின்றாள். அவள் ஆங்கிலம் என்னுடையதைவிட நூறு மடங்கு நன்று. போனை அவளிடம் கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கொடுக்கவில்லை. அவளைக் கீழே அனுப்பி வெளிக்கதவைத் திறந்து வைக்கவும், படிக்கட்டு விளக்குகளைப் போடவும் சொன்னேன். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தாத்தாவின் வாய் எப்படித் திறக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை பத்து வயதுப் பிள்ளைக்கு உரியதன்று. வீட்டில் வேறு யாருக்குமே ஒரு வார்த்தையும் வராது என்றால் அது வேறு விஷயம்.

மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். தமிழ் இருக்கிறது. “தமிழ் இன்டர்பிரட்டர், பிளீஸ்” என்றால் மூன்றாவது ஆளாக ஒருவரை இணைப்பில் சேர்ப்பார்கள். ஆனால் அவர் வந்து சேர நேரமாகும். அதனால் முகவரியையும் ‘நாட் அவேக், நாட் பிரீதிங் நார்மலி’ என்பதையும் உடைந்த ஆங்கிலத்தில் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதே நல்லது. அவர் வந்ததும் நீண்ட கதை வேண்டாம். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினால் அவர் மாற்றிச் சொல்ல இடம் கிடைக்கும்.

முகவரியில் எனக்குப் பெரிய சிக்கல் வரவில்லை. ஆனால் என் தோழிக்கு வந்தது. அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்த ‘பி’ என்ற எழுத்தை மறுமுனையில் வேறு எழுத்தாக எடுத்துக்கொண்டார்கள். பி, டி, வி எல்லாம் தொலைபேசியில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன, தமிழ் நாக்கில் இன்னும் அதிகமாக. எழுத்துக்கு ஒரு சொல்லைத் துணைக்கு வைக்க வேண்டும்: “பி ஃபார் பிரதர்”, “டி ஃபார் டாக்டர்”, “ஈ ஃபார் எலிஃபன்ட்”. எண்களில் பதின்மூன்றும் முப்பதும் குழம்பும். “தர்டீன், ஒன் த்ரீ” என்று இலக்கமாகவும் சொல்லிவிட்டால் தீர்ந்தது. மாடிக் குடியிருப்பு என்றால் எந்த மாடி என்பதையும் சொல்ல வேண்டும். கைப்பேசியின் இருப்பிடம் அவர்களுக்குத் தெரிந்தாலும் அது மாடியைக் காட்டாது.

இதயம் நின்ற இரவைத் தவிர்த்து, நம்மவர்கள் வேறு சில சொற்களாலும் தடுக்கி விழுகிறார்கள். பாரிசவாதத்தை ‘கை கால் இழுத்துவிட்டது’ என்போம். அதை ‘புல்லிங் ஹேண்ட் அண்ட் லெக்’ என்று சொன்னால் அவர்கள் வலிப்பு என்று நினைப்பார்கள். “ஒன் சைட் வீக். ஃபேஸ் ட்ரூப்பிங். கேனாட் ஸ்பீக் ப்ராப்பர்லி” என்று பார்த்ததைச் சொல்ல வேண்டும்: ஒரு பக்கம் பலமில்லை, முகம் கோணியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கட்டாயம் கேட்பார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பதை அந்த நேரம்தான் தீர்மானிக்கிறது. ‘தூங்கி எழுந்ததிலிருந்து இப்படி’ என்றால், தூங்கப் போன மணியைச் சொல்லுங்கள்.

நெஞ்சு அடைப்பதை ‘கேஸ்’ என்று சொல்வது இன்னொன்று. வாயு என்று நாமே நோயைத் தீர்மானித்துவிட்டு அதை மொழிபெயர்க்கிறோம். அங்கே கேஸ் என்றால் அடுப்பு எரிவாயுக் கசிவு என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். “செஸ்ட் பெயின். டைட், லைக் எ ஹெவி வெயிட். ஸ்வெட்டிங்” என்றால் போதும். ‘சுகர் இருக்கிறது’ என்பதற்கு ‘டயபெட்டிக்’.

அன்று ஒன்பதாவது நிமிடத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் படிக்கட்டில் ஏறும் சத்தம் பதிவில் கேட்கிறது. அதுவரை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். இரண்டு முறை மின்னதிர்ச்சி கொடுத்த பிறகு மாமாவின் இதயம் திரும்பத் துடித்தது. மூன்று வாரம் கழித்து வீடு வந்தார். நடக்கிறார், பேப்பர் படிக்கிறார், அந்த வாரத்தில் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை.

பகலில் நாங்கள் வேலைக்குப் போனால் மாமியும் மாமாவும் மட்டும்தான் வீட்டில். மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. ஒலிப்பதிவைக் கேட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். 999, ‘ஆம்புலன்ஸ்’, வீட்டு எண், அஞ்சல் குறியீடு, ‘ஹஸ்பண்ட். நாட் அவேக். நாட் பிரீதிங் நார்மலி. தமிழ் பிளீஸ்.’ நான் அழைப்பு மையமாக இருந்து கேட்பேன், அவர் பதில் சொல்வார். முதலில் எல்லாவற்றுக்கும் ‘எஸ்’ என்றார். நாலாவது ஞாயிறு, நான் “இஸ் ஹீ பிரீதிங்?” என்று கேட்டதும், பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவின் நெஞ்சை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். நான் எழுதிய தாள் பிடிக்கவில்லை என்று தன் கையெழுத்தில், தனக்கு வாய்க்கிற எழுத்துக்கூட்டலில், ‘நொட் பிறீதிங் நோமலி’ என்று பெரிதாக எழுதி, போனுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.